சம்பளச் சீட்டில் இருக்கும் கிராஜுவிட்டி எப்போது கைக்கு வரும்?

வேலையை விட்ட பிறகு கிராஜுவிட்டியை, அதாவது பல வருடம் வேலை செய்ததற்காக நிறுவனம் தரும் பணிக்கொடையைக் கேட்டபோது, "உங்களுக்கு இன்னும் ஐந்து வருடம் ஆகவில்லையே" என்று எங்கள் எச்ஆர் பிரிவு பதில் சொன்னது. நான் ஐந்தரை வருடத்தை நெருங்கியிருந்தேன். அவர்கள் எண்ணிய தேதி வேறு, நான் எண்ணிய தேதி வேறு. அந்த ஒரு வேறுபாட்டைத் தீர்க்க நிறையக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கோயம்புத்தூரில் ஒரு தனியார் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான், எனக்கே இந்தக் கதி. முதல் வேலையில் இருப்பவர்களும், விலகலாமா என்று யோசிப்பவர்களும் ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே இதைப் படித்துவிட்டால் நல்லது.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடை வழங்கல் சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. கிராஜுவிட்டி கிடைக்க ஐந்து வருடம் வேலை செய்திருக்க வேண்டும் என்ற விதி, கணக்குச் சூத்திரம், பணம் தருவதற்கான முப்பது நாள் கெடு ஆகியவை அப்படியே தொடர்கின்றன. மாறியவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## 1. அந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள்

ஆஃபர் லெட்டருடன் வரும் சிடிசி விவரத்தாளை, அதாவது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவைக் காட்டும் தாளை எடுங்கள். அதில் பிஎஃப் நிர்வாகப் பங்குக்குப் பக்கத்தில் கிராஜுவிட்டி என்று ஒரு தொகை இருக்கும். பெரும்பாலும் அது அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம். வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்பதை மாதக் கணக்காக்கினால் வருவதுதான் அந்த எண்: 15-ஐ 26-ஆல் வகுத்து, அதை மறுபடி 12-ஆல் வகுத்தால் 0.0481.

பிஎஃப் மாதிரி இது உங்கள் பெயரில் மாதாமாதம் சேர்கிற பணம் அல்ல. உங்களுக்கென்று தனிக் கணக்கு எதுவும் கிடையாது, பாஸ்புக்கும் இல்லை. நிறுவனம் பின்னால் தர வேண்டியிருக்கலாம் என்று எடுத்துவைக்கும் மதிப்பீடு, அவ்வளவுதான். தகுதி வருவதற்கு முன் விலகினால் அந்த வரியிலிருந்து உங்களுக்கு ஒரு ரூபாயும் வராது. ஆகவே புதிய வேலையின் சிடிசியைப் பழையதோடு ஒப்பிடும்போது இந்தத் தொகையைக் கழித்துவிட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று வருடத்தில் அடுத்த இடம் தாவும் எண்ணமிருந்தால் அது உங்கள் சம்பளமே அல்ல.

இன்னொரு விஷயம். சில சம்பளச் சீட்டுகளில் இந்த வரி மாதாமாதம் பிடித்தம் பகுதியில் வரும். அப்படி இருந்தால் இடது பக்கமான வருமானப் பகுதியையும் பாருங்கள். அங்கே அதே தொகையைக் கூட்டி, வலது பக்கம் கழித்திருந்தால் அது வெறும் கணக்குக் காட்டல். இடது பக்கம் கூட்டாமல் வலது பக்கம் மட்டும் கழித்திருந்தால், உங்கள் சம்பளத்திலிருந்தே பணத்தை எடுக்கிறார்கள். கிராஜுவிட்டி முழுக்க முழுக்க நிர்வாகத்தின் பொறுப்பு. அதற்காகத் தொழிலாளியின் சம்பளத்தில் கை வைக்க முடியாது. மின்னஞ்சலில் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேளுங்கள்.

இந்த வரிகளை மாதாமாதம் கூட்டிக்கொண்டே போய் "இவ்வளவு வர வேண்டும்" என்று கணக்குப் போடுவதும் தவறு. கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் மொத்த வருடங்களுக்கும் கணக்கு. சம்பளம் ஏறிக்கொண்டே வந்திருந்தால், சீட்டுகளின் கூட்டுத்தொகையைவிட வருவது அதிகமாகவே இருக்கும்.

## 2. சட்டம் உங்களுக்குப் பொருந்துமா

தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம், துறைமுகம் போன்றவற்றுக்கு நேரடியாகப் பொருந்தும். கடை, அலுவலகம், பள்ளி, மருத்துவமனை போன்றவை என்றால் பத்துப் பேர் வேலை செய்திருக்க வேண்டும். கடந்த பன்னிரண்டு மாதத்தில் ஏதாவது ஒரு நாள் பத்துப் பேர் இருந்திருந்தாலும் போதும். ஒருமுறை சட்டத்துக்குள் வந்த நிறுவனம் பிறகு ஆட்களைக் குறைத்தாலும் வெளியே போக முடியாது. "இப்போது நாங்கள் ஏழு பேர்தான்" என்பது செல்லாத பதில்.

உங்கள் வேலையின் தன்மை என்ன என்பதையும் இங்கேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 2025 நவம்பரில் "இனி ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி" என்று செய்திகள் பரவின. பலர் அதை எல்லோருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். அது குறிப்பிட்ட காலத்துக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தில் நிறுவனமே நேரடியாக எடுக்கும் ஊழியர்களுக்கு மட்டும். ஒரு வருடம் வேலை செய்து ஒப்பந்தம் முடிந்தால், அவர்களுக்கு வேலை செய்த காலத்துக்கு ஏற்ற விகிதத்தில் கிடைக்கும். நிரந்தர ஊழியர்களுக்கு ஐந்து வருடம் ஐந்து வருடமேதான். பணி நியமனக் கடிதத்தில் முடிவுத் தேதி எதுவும் இல்லையென்றால் உங்களுக்கும் ஐந்து வருடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

## 3. ஐந்து வருடத்தைச் சரியாக எண்ணுங்கள்

பெரும்பாலான தகராறு இங்கேதான் வரும். அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

என் தேதிகள் இவை. 2020 ஆகஸ்ட் 17 அன்று பயிற்சி ஊழியராகச் சேர்ந்தேன். ஆறு மாதம் கழித்து, 2021 பிப்ரவரி 17 அன்று வேலை உறுதியானது. 2026 ஜனவரி 31 அன்று விடுவிக்கப்பட்டேன். சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 5 வருடம், 5 மாதம், 15 நாள். உறுதியான நாளிலிருந்து எண்ணினால் 4 வருடம், 11 மாதம், 15 நாள். நிர்வாகம் இரண்டாவதை எடுத்துக்கொண்டு, தகுதி இல்லை என்றது.

முதல் கேள்வி, பயிற்சிக் காலம் சேருமா என்பது. 1961-ஆம் ஆண்டின் அப்ரென்டிஸ் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தத்தில் உதவித்தொகை வாங்கியிருந்தால் அந்தக் காலம் சேராது. அப்படி இல்லாமல் 'டிரெய்னி', 'புரொபேஷன்' என்று பெயர் வைத்துச் சம்பளம் கொடுத்து, மற்றவர்களைப் போலவே வேலை வாங்கி, பிஎஃப்பும் பிடித்திருந்தால் அது வேலைக்காலம்தான். எனக்கு முதல் மாதத்திலிருந்தே பிஎஃப் பிடித்திருந்தார்கள். பிஎஃப் உறுப்பினர் தளத்தில் Service History என்ற பக்கத்தில் சேர்ந்த தேதி 17-08-2020 என்று இருந்தது. அந்தத் தேதியை அரசுத் தளத்தில் பதிந்ததே நிர்வாகம்தான் என்பதால், அதை அவர்களால் மறுக்க முடியவில்லை.

இரண்டாவது கேள்வி, ஐந்து வருடத்துக்குச் சில நாள் குறைந்தால் என்ன ஆகும் என்பது. சட்டத்தில் 'தொடர்ச்சியான பணி' என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. முழு வருடமும் இடைவிடாமல் இல்லாவிட்டாலும், பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் ஒரு வருடத் தொடர்ச்சியான பணியாகக் கருத வேண்டும். நிலத்தடிச் சுரங்கத்திலும், வாரத்துக்கு ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் இடங்களிலும் 190 நாள். இதை வைத்து, நான்கு வருடம் முடித்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு கிராஜுவிட்டி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தீர்ப்பு பெரிய பிடிமானம். என் விஷயத்தில் நிர்வாகத்தின் தேதியையே வைத்துக்கொண்டாலும் ஐந்தாவது வருடம் 2025 பிப்ரவரி 17-இல் தொடங்கி, அதற்குப்பின் நான் பதினோரு மாதத்துக்கு மேல் இருந்திருக்கிறேன். இரண்டு வாதத்தையும் கடிதத்தில் எழுதினேன். எழுதும்போது ஒன்றை முதல் வாதமாகவும் மற்றதை மாற்று வாதமாகவும் வைப்பது நல்லது.

ஆனால் இந்த 240 நாளை நம்பி விலகும் தேதியைத் திட்டமிடாதீர்கள். பல நிறுவனங்களின் மென்பொருளில் ஐந்து முழு வருடம் என்றுதான் பதிந்திருக்கும். எச்ஆர் ஊழியர் நினைத்தாலும் மாற்ற முடியாது. நீங்கள் தொழிலாளர் அலுவலகம் வரை போக வேண்டியிருக்கும். இன்னும் இரண்டு மாதம் இருந்தால் ஐந்து முடியும் என்றால் இருந்துவிட்டு வருவதுதான் என் யோசனை. ஏற்கெனவே விலகியாகிவிட்டது என்றால் இந்தத் தீர்ப்பை எடுங்கள்.

240 என்பது எட்டு மாதம் அல்ல என்பதையும் கவனியுங்கள். அது வேலை நாட்களின் கணக்கு. சம்பளத்தோடு கூடிய விடுப்பு, வேலை இல்லை என்று நிர்வாகமே தற்காலிகமாக நிறுத்திவைக்கும் லே-ஆஃப், சட்டப்படியான மகப்பேறு விடுப்பு, பணியில் நேர்ந்த விபத்தால் வராத நாட்கள் ஆகியவை அதில் சேரும். சம்பளமில்லா விடுப்பு அந்த 240-இல் சேராது.

இதைக் கேட்டதும் "நான் நடுவில் மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பில் இருந்தேனே, என் ஐந்து வருடம் போய்விட்டதா" என்று சிலர் பயப்படுவார்கள். போகாது. வேலை உறவு அறுபடாமல் தொடர்ந்திருந்தால் நோய், விபத்து, விடுப்பு எல்லாம் தொடர்ச்சியை உடைக்காது. அனுமதியில்லாமல் வராமல் இருந்ததைக்கூட, முறையான உத்தரவு போட்டுப் பணி முறிவு என்று பதிந்திருந்தால்தான் உடையும். முழு ஐந்து வருடமும் பணிப் பதிவேட்டில் இருந்தவருக்கு 240 நாள் சோதனை தேவையே இல்லை. அது குறைவு இருப்பவருக்கு உதவ வந்த விதி. அதை முழு வருடம் முடித்தவருக்கு எதிராகத் திருப்பிப் பிடிக்கும் எச்ஆர் ஊழியர்களும் இருக்கிறார்கள்.

இங்கே மற்றொரு குழப்பமும் உண்டு. "ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் ஒரு வருடமாகக் கணக்கிடுவார்களாமே, அப்படியென்றால் நாலரை வருடத்துக்கு மேல் இருந்தாலே ஐந்துதானே?" என்று கேட்பார்கள். இல்லை. அந்த ஆறு மாத விதி தொகையைக் கணக்கிடுவதற்கு மட்டும். தகுதி இருக்கிறதா என்பது முதல் படி, தொகை எவ்வளவு என்பது அடுத்த படி. நாலு வருடம் ஏழு மாதம் இருந்தவருக்குத் தகுதி வர வேண்டுமென்றால் 240 நாள் வழியில்தான் வரும்.

ஒரே குழுமத்துக்குள் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருந்தால், மாற்றல் கடிதத்தில் 'பணித்தொடர்ச்சியுடன்' என்ற வார்த்தை இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ராஜினாமா வாங்கிக்கொண்டு புதிய நியமனக் கடிதம் கொடுத்திருந்தால், பழைய வருடங்கள் கணக்கில் வராது என்று பின்னால் சொல்ல வாய்ப்பிருக்கிறது. மாறும்போதே கேட்டு வாங்கினால் ஒரு வரியில் முடிந்துவிடும்.

## 4. ராஜினாமா தேதியைத் தீர்மானிக்கும் முன் தொகையைப் போட்டுப் பாருங்கள்

சூத்திரம் சின்னது.

```
கடைசி மாதச் சம்பளம் ÷ 26 × 15 × வருடங்கள்
```

சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும். எனக்கு அடிப்படை 19,500, பஞ்சப்படி 3,900, மொத்தம் 23,400 ரூபாய். 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 900. பதினைந்து நாளுக்கு 13,500. ஐந்து வருடத்துக்கு 67,500 ரூபாய்.

நிர்வாகத்தின் கணக்குத்தாள் வரும்போது இரண்டு இடத்தைப் பாருங்கள். பஞ்சப்படியை விட்டுவிட்டு அடிப்படையை மட்டும் எடுத்திருந்தால் எனக்கு 56,250 ஆகியிருக்கும். 26-க்குப் பதிலாக 30-ஆல் வகுத்திருந்தால் 58,500. பார்வைக்கு இரண்டுமே நியாயமான தொகை போலத்தான் தெரியும். அதனால்தான் கணக்கை நீங்களே ஒருமுறை போட வேண்டும்.

புதிய சட்டத்தொகுப்பில் 'ஊதியம்' என்பதற்கு ஒரு கூடுதல் விதி வந்திருக்கிறது. வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்று ஊதியக் கணக்கில் சேராமல் விலக்கப்படும் படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியை ஊதியத்தோடு சேர்க்க வேண்டும். மாதம் 40,000 ரூபாயில் அடிப்படையும் பஞ்சப்படியும் 16,000 மட்டும், மீதி 24,000 அந்த விலக்குப் படிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி என்பது 20,000. தாண்டியது 4,000. ஆக கிராஜுவிட்டிக்கான ஊதியம் 20,000 ஆகிறது. எனக்கு மொத்தம் 35,000-இல் 23,400 அடிப்படையும் பஞ்சப்படியுமாக இருந்ததால் இந்த விதியால் எதுவும் மாறவில்லை. அடிப்படையைக் குறைத்துப் படிகளை ஏற்றிவைத்திருக்கும் நிறுவனங்களில் இருப்பவர்களுக்குத்தான் இது லாபம்.

இப்போது வருடங்களுக்கு வருவோம். முழு வருடங்கள் போக மிச்சம் ஆறு மாதத்தைத் தாண்டினால் அது ஒரு வருடமாகும். தாண்டாவிட்டால் பூஜ்யம். எனக்கு மிச்சம் ஐந்தரை மாதம்தான், ஆகவே ஐந்து வருடம். பிப்ரவரி 16-ஐத் தாண்டி ஓரிரு நாள் இருந்திருந்தால் ஆறு வருடமாகி 81,000 வந்திருக்கும். புதிய இடத்தில் சேரும் நாளைத் தள்ள முடியாததால் தெரிந்தேதான் விட்டேன். உங்களுக்கு நோட்டீஸ் காலத்தை நீட்ட வழி இருந்தால், சேர்ந்த தேதிக்கு ஆறு மாதம் தள்ளிப் போகும் அந்த நாளை ஒரு நாட்காட்டியில் குறித்துவைத்துவிட்டு ராஜினாமாக் கடிதம் எழுதுங்கள். நோட்டீஸ் காலத்துக்குப் பதில் பணம் கட்டிவிட்டு முன்கூட்டியே போனால், பணிக்காலம் நீங்கள் விடுவிக்கப்பட்ட நாளோடு முடிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சட்டப்படியான உச்சவரம்பு 20 லட்ச ரூபாய். தனியார் ஊழியருக்கு அந்த வரம்பு வரை, சூத்திரப்படி வரும் தொகைக்கு வருமான வரி கிடையாது. ஆனால் அந்த 20 லட்சம் வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து. முந்தைய நிறுவனத்தில் வாங்கியிருந்தால் அதைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

## 5. அலுவலக மின்னஞ்சல் மூடப்படும் முன் எடுத்துவைக்க வேண்டியவை

கடைசி நாள் மாலையிலேயே சம்பளத் தளத்தின் லாகினை மூடிவிடுவார்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் கெஞ்ச வேண்டும். நியமனக் கடிதம், உறுதிப்படுத்தல் கடிதம், மாற்றல் உத்தரவுகள், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றோடு சேர்ந்த முதல் மாதச் சீட்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். முதல் மாதச் சீட்டை யாரும் எடுப்பதில்லை. தேதித் தகராறு வந்தால் அதுதான் பேசும். சிடிசி விவரத்தாள், ராஜினாமாவை ஏற்ற மின்னஞ்சல், விடுவிப்புக் கடிதம் ஆகியவையும் வேண்டும். பிஎஃப் தளத்தின் பணி வரலாற்றுப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். அதில் சேர்ந்த தேதி தவறாக இருந்தால் வேலையில் இருக்கும்போதே திருத்தச் சொல்லுங்கள். விலகிய பிறகு சொன்னால் யாரும் அவசரப்பட மாட்டார்கள்.

வருகைப் பதிவை எடுக்க வழி இருந்தால் கடைசி ஒரு வருடத்தையாவது எடுங்கள். 240 நாள் வாதம் தேவைப்படுகிறவர்களுக்கு இது கட்டாயம்.

ஃபைனல் செட்டில்மென்ட் தாளில் கையெழுத்து கேட்பார்கள். அதில் "எல்லாத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி இருக்கும். கிராஜுவிட்டி வராத நிலையில் அதில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். கையெழுத்துக்கு மேலே "கிராஜுவிட்டி இன்னும் பெறவில்லை" என்று கையால் எழுதி, தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

## 6. விண்ணப்பம் கொடுங்கள்

1972 சட்டத்தின் விதிகளில் இதற்குப் 'படிவம் ஐ' என்று பெயர். புதிய விதிகளில் படிவத்தின் பெயர் மாறினாலும் கேட்கிற விவரம் ஒன்றுதான்: பெயர், முகவரி, பிரிவு, சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகிய காரணம், மொத்தப் பணிக்காலம், கடைசி ஊதியம், கோரும் தொகை, வங்கி விவரம். எந்தப் படிவம் என்று எச்ஆர் பிரிவிடம் கேட்டு வாங்குங்கள். தரவில்லையென்றால் இதே விவரங்களை வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள்.

தொகை உரிமையான நாளிலிருந்து, அதாவது வேலையை விட்ட நாளிலிருந்து முப்பது நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. தாமதமாகிவிட்டது என்பதற்காக மட்டும் உரிமை போய்விடாது, ஆனாலும் தாமதிக்காதீர்கள். மின்னஞ்சலில் ஒன்று, தபாலில் ஒன்று என்று இரண்டு வழியிலும் அனுப்புங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்ப ஆகும் செலவு மிகச் சிறியது. விண்ணப்பத்துக்கென்று கட்டணம் எதுவும் இல்லை. "பணம் வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம் கொடுங்கள்" என்று வரும் இடைத்தரகர்களிடம் போகத் தேவையே இல்லை.

தொகை உரிமையான நாளிலிருந்து முப்பது நாளுக்குள் நிர்வாகம் பணம் தர வேண்டும். நீங்கள் விண்ணப்பிக்காவிட்டாலும் தொகையைக் கணக்கிட்டுத் தெரிவிப்பது அவர்கள் கடமை. இந்தக் காலத்தில் கேட்கக் கூடிய சாக்குகளையும் சொல்லிவிடுகிறேன். "எல்ஐசியிலிருந்து இன்னும் வரவில்லை" என்பார்கள். நிறுவனம் தன் வசதிக்காகக் குழுக் காப்பீட்டில் போட்டிருக்கலாம், உங்களுக்குக் கொடுக்க வேண்டியவர் முதலாளிதான். "நோட்டீஸ் காலம் முழுதும் இருக்கவில்லை, அதனால் கிராஜுவிட்டி ரத்து" என்பார்கள். நிறுத்திவைக்கவோ பறிக்கவோ சட்டம் சொல்லும் காரணங்கள் வேறு: நிறுவனத்துக்குச் சேதம் விளைவித்தது, வன்முறை, பணியின்போது செய்த ஒழுக்கக்கேடான குற்றம். அதுவும் அந்தக் காரணத்துக்காகவே பணிநீக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். ராஜினாமா செய்தவருக்கு நோட்டீஸ் காலம் குறைந்துபோனது ஒரு காரணமே அல்ல.

## 7. முப்பது நாள் தாண்டியும் வரவில்லையென்றால்

முதலில் ஒரு நினைவூட்டுக் கடிதம். அதில் விண்ணப்பம் கொடுத்த தேதி, தொகை, கணக்கு எல்லாம் போட்டு, தாமதத்துக்கு வட்டி சேர்த்துக் கேளுங்கள். நடைமுறையில் இருந்துவருவது வருடத்துக்கு 10 சதவீதத் தனிவட்டி. 67,500 ரூபாய்க்கு ஆறு மாதத் தாமதம் என்றால் 3,375 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் வட்டி என்ற வார்த்தை வந்ததும் கோப்பு எச்ஆர் மேசையிலிருந்து நிதி மேலாளர் மேசைக்குப் போய்விடும்.

அதற்கும் அசையவில்லையென்றால் தொழிலாளர் துறையில் இதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் மனு. பழைய விதிகளில் இது 'படிவம் என்'. நிர்வாகம் மறுத்த நாளிலிருந்தோ, தராமல் விட்ட நாளிலிருந்தோ தொண்ணூறு நாளுக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

எந்த அலுவலகம் என்பதில் நிறையப் பேருக்குத் தடுமாற்றம். உங்கள் நிறுவனம் தமிழ்நாட்டுக்குள் மட்டும் இயங்குகிறது என்றால் மாவட்டத்தில் உள்ள மாநிலத் தொழிலாளர் துறை அலுவலகம். பெங்களூரிலோ மும்பையிலோ கிளை இருக்கிறது என்றால், அல்லது வங்கி, காப்பீடு, பெருந்துறைமுகம் போன்றவை என்றால் மத்திய அரசின் தொழிலாளர் ஆணையர் அலுவலகம். தவறான இடத்தில் கொடுத்தால் பல மாதம் கழித்து "எங்கள் வரம்பில் வராது" என்று திருப்பி அனுப்புவார்கள். அதற்குள் தொண்ணூறு நாள் ஓடியிருக்கும். நிறுவனத்தின் இணையதளத்தில் கிளைகளின் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மனுவோடு விண்ணப்பத்தின் நகல், தபால் ஒப்புகை, மின்னஞ்சல்கள், நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், பிஎஃப் வரலாறு ஆகியவற்றை வரிசையாக எண்ணிட்டுக் கொடுங்கள். அதிகாரி இரு தரப்புக்கும் நோட்டீஸ் அனுப்பி விசாரிப்பார். வழக்கறிஞர் கட்டாயமில்லை, தேதியும் சம்பளமும் மட்டுமே தகராறு என்றால் நீங்களே பேசலாம். உத்தரவு வந்தும் தரவில்லையென்றால், மாவட்ட ஆட்சியர் மூலம் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்க வழி இருக்கிறது. என் விஷயம் அவ்வளவு தூரம் போகவில்லை. மனுவின் நகலை இணைத்து, இன்ன தேதியில் தாக்கல் செய்யப் போகிறேன் என்று எழுதிய பிறகு, சேர்ந்த தேதியை ஏற்றுக்கொண்டு 67,500 ரூபாயை அனுப்பிவிட்டார்கள்.

## 8. வேலையில் இருக்கும்போதே நாமினேஷன்

ஐந்து வருட நிபந்தனை மரணத்துக்கும், விபத்தாலோ நோயாலோ வேலை செய்ய முடியாமல் போவதற்கும் கிடையாது. இரண்டு வருடம் வேலை செய்தவர் இறந்தாலும் அந்த இரண்டு வருடத்துக்கான தொகை குடும்பத்துக்கு உண்டு. பல குடும்பங்கள் இது தெரியாமலே விட்டுவிடுகின்றன.

ஒரு வருடப் பணி முடிந்ததும் முப்பது நாளுக்குள் நாமினேஷன் படிவம் கொடுக்க வேண்டும். பழைய விதிகளில் இது 'படிவம் எஃப்'. பிஎஃப்புக்கு நாமினேஷன் போட்டாயிற்று என்று இதை விட்டுவிடாதீர்கள், இரண்டும் தனித்தனி. குடும்பம் இருக்கும்போது குடும்பத்தினர் பெயரை மட்டும்தான் போடலாம். மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோர் ஆகியோர் அந்த வரையறைக்குள் வருவார்கள். தம்பியும் அக்காவும் பொதுவாக வர மாட்டார்கள். அப்பா அம்மா உங்களைச் சார்ந்து இருக்கும்போது தம்பி பெயரை எழுதிக் கொடுத்தால் அந்த நாமினேஷன் செல்லாது. குடும்பம் இல்லாத நிலையில் வேறொருவர் பெயரைப் போட்டிருந்தவர்கள், திருமணமானதும் தொண்ணூறு நாளுக்குள் புதிதாக ஒன்று கொடுக்க வேண்டும். படிவத்தை இரண்டு பிரதியாகக் கொடுத்து, ஒன்றில் நிர்வாகத்தின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, வீட்டில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கோப்பிலேயே வைத்துவிடுங்கள்.